கிராம சேவகரா, உத்தியோகத்தரா, விதானையாரா? ஆறு வரி அறிவித்தலுக்கு எந்தச் சொல்லை எடுப்பது

சிங்களத்தில் ஆறு வரி. ஒரு காணி விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்கிற அறிவித்தல். இதைத் தமிழாக்க அரை மணித்தியாலம் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்துத் தொடங்கிய ஆள். இலக்கணம் சிக்கலில்லை, வாக்கியம் சிக்கலில்லை. ஒரே அதிகாரிக்கு இரண்டு வரியில் இரண்டு பெயர் வந்துவிடுவதுதான் சிக்கல். என்னுடையதும் சேர்த்து நான் பார்த்த தமிழாக்கங்களின் சாயலில் எழுதிக் காட்டுகிறேன்:

"விண்ணப்பதாரிகள் தமது கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழைப் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் பிரதேச காரியாலயத்தின் காணிப் பிரிவில் ஒப்படைத்தல் வேண்டும். கிராம அலுவலரின் முத்திரை இல்லாத இருப்பிடச் சான்றுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. பதிலைத் தபாலில் பெற விரும்புவோர் முத்திரையுடன் கடித உறையொன்றையும் இணைக்கவும். வேறு பிரிவில் வசிப்போர் அந்தப் பிரிவின் செயலாளருக்கு விண்ணப்பிக்கவும்."

வாசித்தால் உறுத்தாது. ஆனால் சிங்கள மூலத்தில் முதல் வரியிலும் இரண்டாம் வரியிலும் இருப்பது ஒரே "கிராம நிலதாரி"தான். இரண்டிடத்திலும் ஒரே "பதிஞ்சி சஹதிகய"தான். தமிழில் வாசிப்பவருக்கோ சேவகர் ஒருவர், அலுவலர் இன்னொருவர், வதிவிடச் சான்றிதழ் ஒன்று, இருப்பிடச் சான்று வேறொன்று. இரண்டு கடதாசி வேண்டுமோ என்று அவர் யோசித்தால் அது அவர் பிழையல்ல.

இப்படி நடப்பதற்குக் காரணம், சொல்லை எடுக்க நமக்கு மூன்று இடங்கள் இருப்பதும், மூன்றிலிருந்தும் கலந்து எடுப்பதும். அரசகரும மொழிகள் திணைக்களம் துறைவாரியாக வெளியிட்ட மும்மொழிச் சொற்றொகுதிகள் ஒன்று. அந்த அலுவலகமே ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கிற படிவமும் பெயர்ப்பலகையும் கடிதத்தலைப்பும் இன்னொன்று. சனம் வாயில் புழங்குகிற சொல் மூன்றாவது.

மூன்றாவதை முதலில் பார்த்து முடித்துவிடலாம், ஏனென்றால் மனசுக்கு மிக நெருக்கமானது அதுதான். யாழ்ப்பாணப் பக்கம் வயதானவர்கள் இன்றைக்கும் "விதானையார்" என்பார்கள், கொஞ்சம் இளையவர்கள் "ஜீ.எஸ்." என்பார்கள். அந்த ஜீ.எஸ். "கிராம சேவக" என்ற பழைய பதவிப் பெயரின் சுருக்கம். 1963இல் பழைய தலைமைக்காரர் முறையை எடுத்துவிட்டு வந்த பதவி அது, பிறகு அதுவும் கிராம நிலதாரி, தமிழில் கிராம உத்தியோகத்தர், என்று மாறிவிட்டது, வாய் மட்டும் மாறவில்லை. பிரதேச செயலகமும் அப்படித்தான். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு உதவி அரசாங்க அதிபரின் இடத்துக்குப் பிரதேச செயலாளர் வந்தார், ஆனால் "ஏ.ஜி.ஏ. கந்தோர்" என்ற பேச்சு இன்னும் கிடக்கிறது. மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பேச்சுச் சொல்லின் பலம், யாருக்கும் விளக்கம் வேண்டாம் என்பது. பலவீனம், அது ஊருக்கு ஊர், வயசுக்கு வயசு மாறும், அலுவலகப் பலகையில் இருக்காது. விதானையார் என்று எழுதினால் பருத்தித்துறையில் விளங்கும், மட்டக்களப்பிலும் அட்டனிலும் அதே அளவுக்கு விளங்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அறிவித்தலில் அதை விட்டுவிடுவதே நல்லது. கவுண்டரில் நிற்பவர் வாயால் விளங்கப்படுத்தும்போது தாராளமாகச் சொல்லட்டும்.

மிச்சம் இருப்பது சொற்றொகுதியும் படிவமும். உண்மையான போட்டி இங்கேதான்.

சொற்றொகுதியின் நன்மை, இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு மாவட்டத்தில் இருந்து செய்தாலும் ஒரே சொல்லுக்கு வருவார்கள். "அனு அத்சன" என்று சிங்களத்தில் வந்தால் நான் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, மேலொப்பம் என்று கிடைத்துவிடும். தனியாக யோசித்தால் இணைக் கையொப்பம், துணைக் கையொப்பம் என்று ஏதாவது கண்டுபிடித்திருப்பேன். ஆனால் சொற்றொகுதிக்கு உங்கள் கையில் இருக்கிற படிவம் தெரியாது. ஒரு சிங்களச் சொல்லுக்கு நேரே இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களைப் போட்டுவிட்டு அது போய்விடும், தேர்வு நம் தலையில்தான்.

படிவத்துக்கு இருக்கிற நன்மை வேறு. வாசிப்பவர் அறிவித்தலை ஒரு கையிலும் படிவத்தை மறு கையிலும் வைத்திருக்கிறார். படிவத்தின் கூட்டில் "கிராம உத்தியோகத்தர் பிரிவு" என்று அச்சடித்திருந்தால், அறிவித்தலில் "கிராம அலுவலர் பிரிவு" என்பது எவ்வளவு சரியான தமிழாக இருந்தாலும் அந்த இடத்தில் அது பிழைதான். அதனால் என் ஒழுங்கு இதுதான்: முதலில் படிவம், படிவத்தில் இல்லாததற்குச் சொற்றொகுதி. நிறுவனத்தின் பெயர் மட்டும் எப்போதும் அந்த நிறுவனத்தின் கடிதத்தலைப்பில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். ஆட்பதிவுத் திணைக்களத்தின் சிங்களப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நபர்களைப் பதிவு செய்யும் திணைக்களம்" என்று வரும். அர்த்தம் சரி, அப்படியொரு திணைக்களம் இல்லை.

அந்த "பிரதேச காரியாலயம்" என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. எழுதியது நான்தான். சிங்களத்தில் "பிராதேசீய லேகம் காரியாலய" என்று இருந்தது, நடுவில் இருந்த லேகத்தை, அதாவது செயலாளரை, இடம் போதாதென்று விட்டுவிட்டேன். அந்த ஊரில் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒரே றோட்டில், இடையில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு அம்மா காலையிலேயே போய் சபையில் வரிசையில் நின்று, பத்தரைக்குத்தான் அவரை மற்றப் பக்கம் அனுப்பினார்கள். செயலகம் மத்திய அரசின் நிருவாகம், சபை தெரிவுசெய்யப்பட்ட உள்ளூராட்சி, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டின் பெயரும் பிரதேச என்றுதான் தொடங்குகிறது. அடுத்து வருகிற சொல்தான் வித்தியாசத்தையே சொல்கிறது, நான் வெட்டியதும் அதைத்தான்.

சொல் பலவாகப் பிரிவதைவிட மோசமான ஒன்று, பல சொல் ஒன்றாகச் சேர்வது. சிங்களத்தில் கிராம நிலதாரியின் எல்லை "வசம", பிரதேச செயலாளரின் எல்லை "கொட்டாஸய", அலுவலகத்துக்குள் காணி வேலை பார்க்கிற பகுதி "அங்ஷய". மூன்று வெவ்வேறு சொல். தமிழில் மூன்றும் பிரிவு. மேலே உள்ள அறிவித்தலின் கடைசி வரியில் "வேறு பிரிவில் வசிப்போர்" என்பது எந்தப் பிரிவு? பக்கத்துக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிப்பவரும் தனக்கு இந்த அலுவலகம் இல்லை என்று திரும்பிப் போகலாம். இந்த இடத்தில் சொற்றொகுதியும் படிவமும் இரண்டுமே கைகொடுக்காது, ஏனென்றால் இரண்டிலும் சொல் சரியாகத்தான் இருக்கிறது. நாம்தான் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: பிரிவு என்ற சொல் தனியாக நிற்கக் கூடாது, முன்னால் யாருடைய பிரிவு என்று முழுசாக வரவேண்டும். அலுவலகத்துக்குள் இருக்கிற பகுதிக்குப் பலகையில் "காணிக் கிளை" என்று இருந்தால் நிம்மதி, அதையே எடுத்துவிடலாம்.

முத்திரையும் இதே வகைதான். ஒட்டுவது "முத்தரய", குத்துவது "முத்ராவ", சிங்களவருக்குக் குழப்பமே இல்லை. நமக்கு இரண்டும் முத்திரை. தமிழ்நாட்டில் ஒட்டுவதைத் தபால்தலை, அஞ்சல்தலை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள், ஆனால் அதை இங்கே கொண்டுவந்து போட்டால் இன்னொரு விசித்திரம். (அந்த "இருப்பிடச் சான்று"ம் அந்தப் பக்கத்துச் சொல்தான், அகராதியில் தேடும்போது இப்படி நுழைந்துவிடுகிறது. நகல், தேதி, துறை எல்லாம் இதே வழியாக வருபவை; நம் படிவத்தில் பிரதி, திகதி, திணைக்களம்.) வினையையும் அடையையும் சேர்த்துத்தான் பிரிக்கவேண்டும்: பதவி முத்திரை என்றால் பதித்தல், தபால் முத்திரை என்றால் ஒட்டுதல். "முத்திரையுடன்" என்று மொட்டையாக விடக் கூடாது.

இதையெல்லாம் போட்டுத் திருத்தினால் இப்படி வரும்:

"விண்ணப்பதாரிகள் தமது கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழைப் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் ஒப்படைத்தல் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் பதவி முத்திரை பதிக்கப்படாத வதிவிடச் சான்றிதழ்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. பதிலைத் தபாலில் பெற விரும்புவோர் தபால் முத்திரை ஒட்டிய கடித உறையொன்றையும் இணைக்கவும். வேறு பிரதேச செயலாளர் பிரிவில் வசிப்போர் அப்பிரதேச செயலாளருக்கு விண்ணப்பிக்கவும்."

அழகில்லை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திருப்பி எழுதாதே என்று அடித்துச் சொல்லித்தந்தார்களே, அந்தப் பழக்கத்தை இங்கே மறக்கவேண்டும்.

சரி, ஒரே சொல்தான் வந்திருக்கிறது என்று எப்படிச் சரிபார்ப்பது? வேர்டில் தேடலாம், ஆனால் தமிழில் தேடுவதில் ஒரு பொறி இருக்கிறது. "செயலகம்" என்று தேடினால் "செயலகத்தின்" அகப்படாது. "சான்றிதழ்" என்று தேடினால் "சான்றிதழைப்" அகப்படாது, கடைசி ழகரத்தின் மேல் இருக்கிற புள்ளி போய்விட்டதால். அதனால் வேற்றுமை உருபு ஏறும்போது மாறாத பகுதியை மட்டும் தேடவேண்டும்: "செயலக", "சான்றித", "உத்தியோகத்த". அதற்குப் பிறகு வரக்கூடாத சொற்களைத் தேடுவது எனக்கு இன்னும் பயன்பட்டிருக்கிறது: "சேவக", "அலுவல", "காரியால", "இருப்பிட". அறிவித்தலில் அலுவலகம் என்ற சொல் இருந்தால் "அலுவல" என்ற தேடலில் அதுவும் அகப்படும், அதைத் தவிர ஒவ்வொன்றுக்கும் விடை பூச்சியமாக இருக்கவேண்டும். பழைய படிவம் பாமினி எழுத்துருவில் ரைப் செய்ததாக இருந்தால் இந்தத் தேடல் எதுவுமே வேலை செய்யாது, உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே இல்லை, ஆங்கில விசைகள். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

படிவமே தனக்குள் முரண்பட்டிருந்தால் மட்டும் என் ஒழுங்கு உடைகிறது. முதல் பக்கத்தில் கிராம சேவகர், பின்பக்கத்தில் கிராம உத்தியோகத்தர் என்று அச்சடித்த படிவங்கள் உண்டு, பழைய பக்கம் ஒன்றை அப்படியே வைத்துப் புதிய பக்கத்தைச் சேர்த்திருப்பார்கள். அப்போது சொற்றொகுதி வெல்லட்டும். அறிவித்தல் முழுக்க கிராம உத்தியோகத்தர், படிவத்தின் அந்தக் கூட்டைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் பெயரைச் சொல்லாமல் "படிவத்தின் 4ஆம் இலக்கக் கூடு" என்று இலக்கத்தால் காட்டிவிடுவேன். அலுவலகத்துக்கு அனுப்பும்போது முதல் பக்கத்தில் எந்த வரியை அடுத்த அச்சில் மாற்றவேண்டும் என்று ஒரு துண்டும் வைத்து அனுப்புவேன். ஒருமுறை மாற்றினார்கள், மற்றத் தடவைகளில் பழைய தாள் இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது.