'எல்லாக் கணக்குக்கும் இதே எழுத்து'

போன கிழமை மாங்குளத்திலிருந்து கூட்டாளி ஒருவன் எடுத்தான். "மச்சான், நீ பதிவு போடுற அந்தச் செயலிக்கு விலை குறைச்சிருக்கிறாங்கள், எடுக்கலாமோ?" ஒரு வருடமாகக் காசு கட்டிப் பாவிக்கிறேன். வீட்டில் கரண்ட் நின்றாலும் குறித்த நேரத்துக்குப் பதிவு போய்விடும், அதில் ஒருநாளும் பிசகியதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

என் கோபமெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில். எழுதும் இடத்துக்குக் கீழே 'எல்லாக் கணக்குக்கும் இதே எழுத்து' என்று சரி போட்டிருக்கும். எடுத்துவிட்டாலும் அடுத்த பதிவில் திரும்ப வந்து குந்திக்கொள்ளும்.

அக்காவின் ஒடியல் மா வெளியிட்ட அன்று அதை நான் கவனிக்கவில்லை. லிங்க்டினுக்கு எழுதியது அப்படியே இன்ஸ்டகிராமுக்கும் போய்விட்டது: 'கிளிநொச்சியில் வெயிலில் காயவைத்து அரைத்த ஒடியல் மா, மொத்தமாகக் குறைந்தது 20 கிலோ, மாதிரிப் பொதிக்கு இந்த இணைப்பு.' லிங்க்டினுக்கு இது சரி. அங்கே நான் தேடியது கடைக்கு வாங்குகிறவர்களை. எத்தனை கிலோ தருவீர்கள், எவ்வளவு காலம் கெடாது என்றுதான் அவர்கள் கேட்பார்கள், இணைப்பை அழுத்தினால் திறக்கும். இரண்டு பேர் விசாரித்தும் இருந்தார்கள். இன்ஸ்டகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பு வெறும் எழுத்துத்தான், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. படமோ லிங்க்டினுக்கென்று அகலமாக வெட்டியது, கைபேசியில் கீற்று மாதிரிக் கிடந்தது. எழுத்திலும் முதல் ஒன்றிரண்டு வரிதான் வெளியே தெரியும், அதற்குள் எங்கள் 20 கிலோ. கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "ஒரு பைக்கற் தரமாட்டீங்களா அண்ணா?"

500 கிராம் பைக்கற் கட்டி அடுக்கி வைத்துக்கொண்டுதான் இந்தக் கூத்து.

போட்ட பிறகு அங்கே எழுத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்த முறை ஆவி பறக்கும் கூழ்ச் சட்டி, 1080க்கு 1350 என்று நெடுக்காக வெட்டியது. முதல் வரி 'கூழுக்கு மா தேடுறீங்களா? 500 கிராம் பைக்கற் இருக்கு.' மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கைப்பு எடுக்கிற விசயம் அதற்குக் கீழே. இணைப்பைக் கணக்கின் முகப்பிலும், ஸ்டோரியில் அழுத்தித் திறக்கிற ஸ்டிக்கராகவும் வைத்தேன். அப்புறம்தான் ஒவ்வொரு பைக்கற்றாகக் கேட்டு வந்தார்கள். லிங்க்டின் பதிவில் கை வைக்கவே இல்லை.

இன்னொரு எரிச்சல், அந்தச் செயலி எழுத்து எண்ணும் விதம். 'பனங்கிழங்கு' எனக்கு 7 எழுத்து. புள்ளி, விசிறி மாதிரிக் குறிகளையும் தனித்தனியே எண்ணி அது 11 என்கிறது. வெளியே தெரியிற வரிக்குள் எவ்வளவு அடங்கும் என்று அதைப் பார்த்து நம்பேலாது. ஆனால் இரண்டு இடத்திலும் பதிவு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பாருங்கள், அது அருமை. அன்றைக்கு அதைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திராது, அந்தப் பிழை என்னுடையதுதான்.

கூட்டாளிக்கு எடுக்காதே என்று சொன்னேன். நான் முந்தநாள் அடுத்த வருடத்துக்கும் கட்டிவிட்டேன்.