நாமே எழுதுவதா, சாட்பாட்டிடம் எழுதி வாங்கி நறுக்குவதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் மச்சான் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு பாட் அமைத்துக் கொடுத்தேன். அதற்கான சிஸ்டம் பிராம்ப்டை, அதாவது வாடிக்கையாளர் கண்ணில் படாமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் போய் நிற்கும் குறிப்பை, இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். ஒன்று நானே எழுதியது. இன்னொன்று சாட்பாட்டிடம் எழுதி வாங்கி, சோதித்து, நறுக்கியது. இப்போது கடையில் ஓடுவது இரண்டாவது.

நான் எழுதியது ஒன்பது வரி, அரை மணி நேர வேலை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நமக்குப் பழகிப்போனதை நாம் எழுதுவதில்லை. கடையில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலையும் இருக்கிறது, அச்சுப் போட்டதும் இருக்கிறது. இரண்டுக்கும் விலை வேறு. இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பாட் அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லிவிட்டது.

சாட்பாட் எழுதித் தந்தது 54 வரி. 'ஒரே பொருளில் வகைகள் இருந்தால் எது என்று தெளிவாகச் சொல்' என்ற வரி அதில் தானாகவே இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். அப்புறம் இதுவும் இருந்தது:

```
எப்போதும் சுருக்கமாகப் பதில் சொல்.
எல்லா விவரங்களையும் முழுமையாக விளக்கு.
7 நாட்களுக்குள் பொருளை மாற்றிக்கொள்ளலாம்.
```

முதல் இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மூன்றாவது இன்னும் மோசம். மச்சான் கடையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கடையைப் பற்றி நாம் சொல்லாமல் விட்ட இடத்தை, மற்ற கடைகளில் எப்படி இருக்குமோ அப்படி நிரப்பிவிடுகிறது. படித்தால் சரியாகத்தான் தோன்றும். அதனால் முதல் வேலையாகத் தேதி, விலை, நாள் கணக்கு வரும் எல்லா வரியையும் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். நான்கு வரி அங்கேயே போயிற்று.

வாங்கியதை அப்படியே வைப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். ஒவ்வொரு மெசேஜுக்கும் இந்த முழு நீளமும் பாட்டை இயக்கும் ஏஐ மாடலுக்குப் போகிறது, காசும் அதற்குத் தக்கபடி ஏறும் என்பது தெரிந்த விஷயம். அதைவிடப் பெரிய தொல்லை பராமரிப்பு. மூன்று மாதம் கழித்து பாட் எதையாவது உளறினால் எந்த வரியால் வந்தது என்று தேட வேண்டும். எதற்காக இருக்கிறது என்றே தெரியாத ஐம்பது வரியில் எங்கே போய்த் தேடுவது?

நறுக்குவதற்கு முன் கடையின் பழைய வாட்ஸ்அப்பிலிருந்து 25 கேள்விகளை, பெயரும் நம்பரும் நீக்கி எடுத்தேன். "saayam pogumaa anna" என்பதுபோல எழுத்துப்பிழையோடு அப்படியே. ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டேன், ஏனென்றால் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வராது. பிறகு ஒரு வரியை எடுப்பேன், 25-ஐயும் மறுபடி ஓட்டுவேன். வார்த்தை மாறினாலும் பதிலின் சாரம் மாறாவிட்டால் அந்த வரி போகட்டும். 'நீ நட்பான, திறமையான உதவியாளர்' என்ற முதல் வரி அப்படித்தான் போயிற்று. எடுத்த பிறகும் பாட் அதே மரியாதையோடுதான் பேசியது.

வரைவில் ஒரு மாதிரிப் பதிலும் இருந்தது: 'வணக்கம்! உங்கள் வருகைக்கு நன்றி'. அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஒரே ஆள் வரிசையாக ஐந்து கேள்வி கேட்டால் ஐந்து தடவையும் வணக்கம் சொன்னது. அறிவுரையை விட மாதிரியைத்தான் அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடிக்கடி வணக்கம் சொல்லாதே என்று இன்னொரு வரி சேர்க்காமல், மாதிரியையே எடுத்தேன். சரியாகிவிட்டது.

கடைசியில் நின்றது 17 வரி. ஒன்றில் நானும் ஏமாந்தேன். 'மொத்தமாகக் கேட்டால் விலை சொல்லாதே, கடைக்காரரிடம் பேசச் சொல்' என்ற வரியை எடுத்தபோது 25 பதிலும் மாறவில்லை. ஆகவே வெட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஒருவர் கல்யாணத்துக்கு 40 சேலை கேட்க, பாட் தானாகவே பத்து சதவீதம் தள்ளுபடி அறிவித்துவிட்டது. மச்சான் போனில் பேசியது இங்கே வேண்டாம். வரி வீணாக இருந்ததில்லை, அதைத் தொடும் கேள்விதான் என் பட்டியலில் இல்லை. இப்போது ஒரு வரியை வெட்டுமுன், அது வேலை செய்ய வேண்டிய சந்தர்ப்பத்துக்கு ஒரு கேள்வி எழுதிவிடுகிறேன்.

இதெல்லாம் ஒரே கடை, ஒரே மாடல் வைத்துச் சொல்வது. நாலைந்து விதக் கேள்வி மட்டும் வரும் சின்ன பாட் என்றால் நாமே எழுதுவது போதுமாக இருக்கலாம், நான் முயன்று பார்க்கவில்லை. மாடலை மாற்றினால் இந்த 17 வரி அப்படியே நிற்குமா என்பதும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கேள்விப் பட்டியல் 31 ஆகியிருக்கிறது, 26-வது அந்த 40 சேலை.