பச்சை வளையமா, தெளிந்த வளையமா?

தொண்டைச் சளியை 5 சதவீத ஆட்டு ரத்தம் கலந்த அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் தடவி, 35 டிகிரியில் ஓர் இரவு வைத்த தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆல்பா வகைக் கிருமிக் காலனியைச் சுற்றி மங்கிய பச்சை தெரியும். அங்கே சிவப்பணுக்கள் பெரும்பாலும் உடைவதில்லை. கிருமி வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினின் நிறத்தைத்தான் மாற்றுகிறது. தொண்டையில் வழக்கமாகக் குடியிருக்கும் விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இப்படித்தான், அதனால் பெரிதாகக் கவலை வேண்டாம்.

பீட்டா வேறு கதை. சிவப்பணுக்கள் முழுதாக உடைந்து, வளையத்தின் வழியே அச்செழுத்தைப் படிக்கலாம். தொண்டை அழற்சிக்கு நாம் தேடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் இதில் சேரும். ஆனால் சிவப்பணுவை உடைக்கும் அதன் நச்சுகளில் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ காற்றுப் பட்டால் செயலிழக்கும், ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் செயலிழக்காது. எஸ் நச்சு இல்லாத அபூர்வ வகைகளில் மேற்பரப்பு வளையம் ஏமாற்றிவிடும். எனவே தடவும்போதே லூப்பால் அகாரில் இரண்டு மூன்று இடங்களில் குத்திவிடுவார்கள். உள்ளே காற்று குறைவு, தெளிவு அங்கே தெரியும்.

சரி, தெளிந்த வளையம் வந்தாலே பயோஜீன்ஸா? இல்லை. சி, ஜி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் அப்படியே தெரியும். குழுவை உறுதிசெய்ய லேட்டக்ஸ் சோதனையோ, பயோஜீன்ஸைப் பிரிக்க பி.ஒய்.ஆர். சோதனையோ வேண்டும்.