புது மெம்பரிடம் இலக்கைக் கேட்க: ஃபார்மா, பேச்சா?

பெங்களூரு அல்சூரில் நான் ரிசப்ஷன் பார்க்கும் ஜிம்மில், புதிதாகச் சேருபவரின் இலக்கைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி இருந்தது. ஃபார்மைக் கொடுத்து ‘எடை குறைப்பு’, ‘தசை’, ‘ஃபிட்னஸ்’ என டிக் அடிக்கச் சொல்லலாம். இல்லையென்றால் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசி, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளலாம். நான் பேச்சைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

காலைக் கூட்டத்தில் ஃபார்ம் வேகமாக முடியும், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஃபார்மில் பாதிப்பேர் எடை குறைப்பில்தான் டிக் அடிப்பார்கள். அதைப் பார்த்து டிரெயினரால் எதையும் திட்டமிட முடியாது.

ஐம்பதை நெருங்கும் ஒரு அக்கா வந்தார். “வாங்கக்கா, தண்ணி குடிங்க. எதுக்காக இப்ப சேரணும்னு தோணுச்சு?” என்று கேட்டேன். “பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம், தம்பி. பதினஞ்சு கிலோ குறையணும்.” தைக்கு இருந்தது பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு அரை கிலோ என்றால் ஆறு கிலோ. நன்றாக ஒத்துழைத்தால் இன்னும் கொஞ்சம். அதை அப்போதே சொல்லிவிட்டேன். பிறகு, “வீட்ல எந்த வேலை கஷ்டமா இருக்கு?” என்றேன். மூன்றாவது மாடிக்கு ஏற இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்றார். கார்டில் இரண்டையும் எழுதினேன்: தைக்குள் ஆறு கிலோ, மூன்று மாடி நிற்காமல்.

இந்தக் கார்டின் பலன் பிறகுதான் தெரியும். ஜிம்மில் டிரெயினர்கள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வருபவர் ‘எடை குறைப்பு’ என்ற டிக்கைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து கேட்பார், மெம்பருக்கு அலுத்துப்போகும். கார்டைப் படித்தவர், “மாடி இப்ப எப்படி ஏறுறீங்கக்கா?” என்று ஆரம்பிக்கலாம். எடை மெஷினில் முள் நகராத வாரங்களிலும் மாடிப்படியில் முன்னேற்றம் தெரியும். ஆளும் விட்டுப் போக மாட்டார். ரினியூவல் பேசும்போதும் தள்ளுபடியை விட அந்த ஒரு வரிதான் எனக்குக் கைகொடுக்கிறது.

உடல்நலக் கேள்விகளை மட்டும் நான் பேச்சுக்கு விடுவதில்லை. பார்-க்யூ என்ற ஏழு கேள்வித் தாள் அதற்கென்றே இருக்கிறது: இதய நோய், நெஞ்சுவலி, தலைசுற்றல், மூட்டுப் பிரச்சினை, பிரஷர் மாத்திரை போன்றவை. ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பம். பேச்சுவாக்கில் கேட்டால் மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த அக்காவும் தாளில்தான் பிரஷர் மாத்திரையைக் குறித்தார்.

நான் வேலை பார்த்தது சின்ன ஜிம்மில் மட்டுமே. ஒரே நேரத்தில் பலர் சேரும் பெரிய இடங்களில் இது ஓடுமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். கூச்சப்படும் இளவட்டங்களிடமும் முதல் நாளே பேச்சு எடுபடுவதில்லை. அவர்களிடம் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வேர்வையோடு வெளியே வரும்போது கேட்கிறேன்.