நான்கு கட்டப் பைப்லைனில் டேட்டா ஹசார்ட்: ஸ்டால் போதுமா, ஃபார்வர்டிங் வேண்டுமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு எஃப்.பி.ஜி.ஏ. பலகைக்காக, ஆர்.வி.32.ஐ கட்டளைகளை இயக்கும் சிறிய புராசஸர் ஒன்றை வடிவமைத்தேன். ஃபெட்ச், டிகோட், எக்ஸிக்யூட், ரைட்பேக் என நான்கே கட்டங்கள். முந்தைய கட்டளையின் விடை ரெஜிஸ்டரில் எழுதப்படும் முன்பே அடுத்த கட்டளை அதைக் கேட்கும்போது என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன: எப்போதும் ஸ்டால் செய்வது, எல்லா விடைகளையும் ஃபார்வர்ட் செய்வது, ஏ.எல்.யு. விடையை மட்டும் ஃபார்வர்ட் செய்து லோடுக்கு ஒரு சைக்கிள் ஸ்டால் செய்வது. நான் எடுத்தது மூன்றாவது வழி. இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

மூன்றுக்கும் பொதுவாக, ரைட்பேக்கில் எழுதப்படும் மதிப்பை அதே சைக்கிளில் டிகோட் படித்துக்கொள்ளும்படி ரெஜிஸ்டர் ஃபைலை அமைத்துவிட்டேன். ஆகவே அடுத்தடுத்து வரும் இரு கட்டளைகளுக்கு இடையேதான் சிக்கல் எழும். நடுவில் ஒரு கட்டளை இருந்தாலே அது தீர்ந்துவிடும். ஒரு வரிசையின் எண்களைக் கூட்டும் இந்தச் சுழற்சியைப் பாருங்கள்:

```
loop: lw   t0, 0(a0)
      add  t1, t1, t0
      addi a0, a0, 4
      bne  a0, a2, loop
```

கிளை எக்ஸிக்யூட்டில் முடிவாவதால், எந்த வழியிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 சைக்கிள் வீணாகிறது. ஸ்டால் மட்டும் என்றால் `add` ஒருமுறையும் `bne` ஒருமுறையும் நின்று, ஒரு சுற்றுக்கு மொத்தம் 8 சைக்கிள் ஆகும். முழு ஃபார்வர்டிங்கில் அது 6. என் வழியில் `add` மட்டும் `lw`-வுக்காகக் காத்திருப்பதால் 7.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முழு ஃபார்வர்டிங்தான் வெல்கிறது. ஆனால் கிளாக்கின் வேகத்தைத் தீர்மானிப்பது மிக நீளமான பாதை என்பதால், அந்தப் பாதை எங்கே ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். எஃப்.பி.ஜி.ஏ.-வின் பிளாக் ராம், முகவரி கொடுத்த அடுத்த கிளாக்கில்தான் தரவைத் தரும். அதாவது லோடின் தரவு ரைட்பேக் கட்டத்தில்தான் வெளியே வருகிறது, அதுவும் கிளாக் விளிம்பு கடந்து சற்று நேரம் கழித்தே. பைட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, குறி நீட்டி, ஃபார்வர்டிங் மக்ஸைக் கடந்து, ஏ.எல்.யு.-வில் கூட்டி, அதுவே அடுத்த லோடின் முகவரியாக இருந்தால் மறுபடியும் ராமின் வாசலை அடைய வேண்டும். இவ்வளவும் ஒரே கிளாக்குக்குள். ஏ.எல்.யு. விடைக்கு இந்தச் சுமை இல்லை, ஏனென்றால் அது விளிம்பிலேயே ரெஜிஸ்டரில் தயாராக இருக்கிறது. ஒரு மக்ஸ் மட்டுமே கூடுகிறது. லோடை ஸ்டால் செய்யும்போது அதன் தரவு டிகோட் முடிவில் உள்ள ரெஜிஸ்டரோடு நின்றுவிடுவதால், ராமின் தாமதமும் ஏ.எல்.யு.-வின் தாமதமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை.

மேற்கண்ட சுழற்சியில் 7-க்கு 6 என்ற ஆதாயம், கிளாக் ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 14 சதவீதம் குறைந்தாலே கரைந்துபோகும். தவிர, `addi`-யை `lw`-வுக்கு அடுத்து நகர்த்தினால் என் வழியிலும் 6 சைக்கிள்தான். ஸ்டால் மட்டும் உள்ள வடிவமைப்பிலும் அப்போது 6 ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விடையை அடுத்த கட்டளை, அதன் விடையை அதற்கடுத்தது என்று தொடரும் கணக்குகளில் நடுவே நுழைக்க வேறு கட்டளை கிடைப்பதில்லை; அங்கே ஸ்டால் மட்டும் என்றால் ஒவ்வொரு கட்டளையும் 2 சைக்கிள் எடுத்துக்கொள்ளும். கேஷ் உள்ள பெரிய புராசஸருக்கு இந்தக் கணக்கை நான் நீட்டமாட்டேன்.

ஸ்டால் வழிக்கு ஓர் உண்மையான பலம் உண்டு: இரு கட்டளைகளின் ரெஜிஸ்டர் எண்களை ஒப்பிடும்போது தேவைக்கு மேல் பொருத்தம் கண்டுவிட்டால் ஒரு சைக்கிள்தான் போகும், விடை கெடாது. ஃபார்வர்டிங்கில் அதே பிழை விடையையே மாற்றிவிடும். என் முதல் வடிவத்தில் ரெஜிஸ்டர் எண்ணை மட்டும் ஒப்பிட்டிருந்தேன். `sw a1, 8(sp)` எந்த ரெஜிஸ்டரிலும் எழுதாது. ஆனால் மற்ற கட்டளைகளில் `rd` இருக்கும் அதே பிட்டுகளில் ஸ்டோரின் 8 என்ற ஆஃப்செட் உட்கார்ந்திருக்கும், எட்டாம் ரெஜிஸ்டர் `s0`. அடுத்து வந்த `add a0, s0, a2`, `s0`-வின் மதிப்புக்குப் பதிலாக `sp+8` என்ற முகவரியைக் கூட்டிக்கொண்டிருந்தது. அலைவடிவத்தில் ரெஜிஸ்டர் ஃபைலில் `s0` சரியாகவும், ஏ.எல்.யு.-வின் நுழைவில் தவறாகவும் தெரிந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. திருத்திய வரி இது:

```
assign fwd_a = wb_we && (wb_rd != 5'd0)
             && (wb_rd == ex_rs1);
```

நடுவில் உள்ள நிபந்தனை `x0`-வுக்காக. அதை விட்டுவிட்டால் சாதாரண நிரல்களில் பிழை தெரியாது, ஏனென்றால் `nop`-இன் விடையும் பூஜ்யம்தான். ஆகவே `addi x0, x0, 5` என்பதற்கு அடுத்த வரியில் `x0`-வைப் படிக்கும் ஒரு சோதனையைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.