ஆயா பெயரும் சேர்த்து

பதினோரு வருடம் கழித்து ஊரில் மூன்று வாரம் முழுசாக இருந்தேன். போன வருடம் அப்பா தவறியபோது வந்த நான்கு நாளைக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கியதும் அப்பா ஞாபகம்தான் வந்தது. தெற்கே முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பி இங்கேதான் வந்து நின்றது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பாலாறு மணலாகவே கிடந்தது. தெருமுனையில், "எப்பப்பா வந்த? இளைச்சிட்டியே" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் விட மனசில்லாமல்தான் விட்டார்கள்.

இந்தத் தடவை ஒரு வேலையோடு வந்தேன். அப்பா பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். 1983-ல் அவர் வாங்கிய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருக்கிறது. அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது. 2019-க்குப் பிறகு எங்கள் ஊர் ராணிப்பேட்டை மாவட்டம். இதனால் பத்திரம் செல்லாமல் போகுமோ என்று அம்மா கவலைப்பட்டார். அப்படி எதுவும் இல்லை. சர்வே எண்ணும் கிராமமும் சரியாக இருந்தால் போதும். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம் கேட்கும் இடத்தில் மட்டும் இப்போதைய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பட்டாவைக் காசில்லாமல் அங்கேயே பார்த்துக்கொண்டோம்.

பட்டா மாற வேண்டுமானால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். அங்கே ஓடிபி உள்ளூர் செல்போனுக்கு வரும் என்பதால் என் பெயரில் போடாமல் அம்மா பெயரிலேயே போட்டோம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். விசாரணைக்குக் கூப்பிட்டாலும் ஊரில் இருக்கிறவர்தானே போக முடியும்? அப்பாவின் இறப்புச் சான்று, எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். வாரிசுகள் என்று அம்மா, நான், தங்கை மூன்று பேரை எழுதினோம்.

ஐந்தாம் நாள் விஏஓ வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டவர், உள்ளே கட்டிலில் இருந்த ஆயாவைப் பார்த்ததும், "இவங்க யாரும்மா?" என்றார். "மாமியார்" என்றார் அம்மா. அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்ப இவங்களும் வாரிசுதாம்மா. இவங்க பேரு இல்லாம நான் எழுதி அனுப்புனா, நாளைக்கு நீங்க பண்ற எந்தப் பத்திரத்துக்கும் இது வில்லங்கம்."

அவர் சொன்னது சரி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இறந்தவரின் தந்தை அந்த வகுப்பில் வரமாட்டார், தாய் வருவார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம் என்பதால் எங்கள் வீட்டில் பங்கு மூன்றல்ல, நான்கு. ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணமாகிப் போன மகளை விட்டுவிடுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அதே வீட்டில், அதே கட்டிலில் படுத்திருக்கும் தாயை விட்டுவிடுவதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த விண்ணப்பம் திரும்பியது. நான்கு பெயரோடு மறுபடியும் போட்டோம். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் சான்றிதழ் கிடைத்தது.

அதை வைத்துப் பட்டா மாறுதலுக்குப் போட்டோம். நிலத்தைப் பிரிக்காமல் நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகக் கேட்டோம். ஆளுக்கொரு துண்டாகக் கேட்டிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போட வேண்டும்; அதற்கு நாள் கூடும், என் லீவுக்குள் அளவுக்குத் தேதி கிடைப்பதே கஷ்டம். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமைக்கு ஆதாரம் பத்திரமே என்பதால் 1983-ஆம் வருடப் பத்திரத்தின் அசலைத் தங்கையிடம் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன்.

"ஆயாகிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கங்களேன், வேலை சுலபமாயிடும்" என்று உறவில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டார். "அந்தக் கிணறு வெட்டும்போது மண்ணு சுமந்தவங்க அவங்க. அவங்க பேரு இருக்கட்டும்."

நான் திரும்பி வந்து ஆறு வாரத்தில் தங்கை பட்டாவின் படத்தை அனுப்பினாள். ஆயாவுக்கு எண்பத்தெட்டு வயது, எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லி, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம்.