லினக்ஸ், விண்டோஸ், நடுவில் ஒரு exFAT ஹார்ட் டிஸ்க்: மூன்று வருட அனுபவம்

வீட்டுக் கணினியில் லினக்ஸ், வேலைக்கு விண்டோஸ் லேப்டாப். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க், exFAT-இல் ஃபார்மட் செய்தது. மூன்று வருடமாக இதுதான் என் ஏற்பாடு. இரண்டு பக்கமும் படிக்கும், எழுதும், பெரிய வீடியோவும் தாங்கும். வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் கவிழ்த்தது கோப்புகளின் பெயர்கள்தான்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சடிக்கலாம் என்று விண்டோஸில் `IMG_0412.JPG`-ஐத் திறந்தேன். கேமராவிலிருந்து வந்த அசல் படம், ஆறு எம்பிக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. திரையில் வந்ததோ 1200 பிக்சல் அகலமுள்ள சின்னப் படம். பெயர் அசலுடையது, உள்ளே இருப்பது வேறு.

யோசித்ததும் காரணம் பிடிபட்டது. மெயிலில் அனுப்புவதற்காக ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அது ஒவ்வொரு படத்தையும் சுருக்கி, பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி, `img_0412.jpg` என்று அதே ஃபோல்டரில் போடும். லினக்ஸின் ext4-க்கு இவை இரண்டும் வேறு வேறு கோப்புகள். exFAT-க்கு இரண்டும் ஒன்று. அது பெயரை நாம் கொடுத்தபடியே எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் தேடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது.

லினக்ஸிலிருந்து டிஸ்க்குக்குக் காப்பி செய்யும்போது `cp -r` கட்டளை முதலில் `IMG_0412.JPG`-ஐ எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு `img_0412.jpg` வருகிறது. "இந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா?" என்று டிஸ்க்கைக் கேட்டால் "இருக்கிறது" என்று பதில். சரி, பழைய கோப்பைத்தான் புதுப்பிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, உள்ளடக்கத்தை அழித்து அதிலேயே எழுதிவிடுகிறது. அதனால் முதலில் வந்ததன் பெயரும், பின்னால் வந்ததன் உள்ளடக்கமும் மிஞ்சுகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு காணாமல் போயிருந்தால்கூடத் தேடியிருப்பேன். பெயர் அங்கேயே இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

அந்த ஃபோல்டரில் 1,840 கோப்புகள் இருந்திருக்க வேண்டும். டிஸ்க்கில் இருந்தவை 1,628. குறைந்த 212-உம் ஒரே மாதிரி மோதல்கள். அவற்றில் 140 இடங்களில் அசல் போய்ச் சின்னது மிஞ்சியிருந்தது, 72 இடங்களில் அசல் பிழைத்தது. `cp` கோப்புகளை எடுக்கும் வரிசை அகரவரிசை அல்ல, ஆகவே எது பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேமரா அட்டை அழிக்கப்படாமல் இருந்ததால் பெரும்பாலான அசல்களை மீட்டேன். எல்லாவற்றையும் அல்ல.

ஒரு அறிகுறி முன்பே என் கண்ணெதிரே இருந்தது. மாறிய கோப்புகளை மட்டும் டிஸ்க்குக்கு அனுப்பும் `rsync`-ஐ வாரம் ஒருமுறை ஓட்டுவேன். படங்கள் எதையும் தொடாத வாரங்களிலும் அது சில நூறு படங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டால், எத்தனை முறை ஓட்டினாலும் ஒருவர் "மாறியிருக்கிறார்" என்றுதான் அதற்குத் தோன்றும். நான் நேரக் கணக்கில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

இப்போது காப்பி செய்யும் முன் மூல ஃபோல்டருக்குள் இதை ஓட்டாமல் இருப்பதில்லை:

```
find . | LC_ALL=C sort -f | LC_ALL=C uniq -Di
```

எழுத்தளவில் மட்டும் வேறுபடும் பெயர்கள் அடுத்தடுத்த வரிகளில் வந்து நிற்கும். `Notes`, `notes` என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தாலும் காட்டிவிடும். ExFAT-இல் அவை ஒரே ஃபோல்டராகக் கலந்துவிடும் என்பதால் அதுவும் முக்கியம். ஒரு குறை: `É`, `é` போன்ற எழுத்துகளை இது இணைத்துப் பார்க்காது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாதே. (நமக்கு வேறொன்று இருக்கிறது. ext4-இல் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் கால்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். விண்டோஸில் நீளமாக வைத்த தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு வரும்போது `File name too long` என்று நின்றுவிடும்.)

விண்டோஸின் NTFS-க்கு மாறினால் தீருமா என்று அதையும் சில மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். லினக்ஸில் NTFS-ஐக் கையாளும் ntfs-3g இரண்டு கோப்புகளையும் தனித்தனியாகவே எழுதியது, எதுவும் அழியவில்லை. ஆனால் விண்டோஸில் இரண்டு பெயர் தெரிகிறது, எதைத் திறந்தாலும் ஒரே படம் வருகிறது. தரவு பத்திரம், ஆனால் விண்டோஸில் வேலைக்கு ஆகாது. அங்கே இருந்தபடி ஒன்றை நீக்கினால் எது போகும் என்ற பயத்தில் நான் கை வைக்கவில்லை. லினக்ஸுக்கு வந்து பெயரை மாற்றினேன்.

அடுத்தது தடைசெய்யப்பட்ட குறிகள். ext4 பெயருக்குள் சாய்கோட்டையும் NUL எனும் பூஜ்ய பைட்டையும் மட்டும்தான் மறுக்கும். விண்டோஸ் இவற்றையும் மறுக்கும்: `< > : " \ | ? *`. exFAT-உம் அப்படியே. என் திரைப்பதிவுகள் `2022-11-03 21:40:15.mkv` என்ற பாணியில் இருந்தன. முக்காற்புள்ளி இருப்பதால் ஒன்றுகூட டிஸ்க்குக்குப் போகவில்லை. இங்கே `cp` நேர்மையானது, `Invalid argument` என்று சொல்லிவிடும். முட்டாள்தனம் என்னுடையது: `-v` போட்டு ஓட்டியதால் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அந்தச் செய்தி ஓடி மறைந்துவிட்டது. இப்போது `-v` போடுவதில்லை. திரையில் ஏதாவது வந்தால் அது பிழைதான்.

முன்கூட்டிப் பார்க்க:

```
find . -mindepth 1 \( -name '*[<>:"\\|?*]*' -o -name '*[. ]' \)
```

இரண்டாவது பாதி, புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களுக்கு. விண்டோஸுக்கு அவையும் ஆகாது.

விண்டோஸ் பக்கம் இதே முக்காற்புள்ளி இன்னும் விநோதமாக நடந்துகொண்டது. லினக்ஸில் எழுதிய என் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை அங்கே ஓட்டினேன். அது `report 10:30.txt` என்று சேமிக்கும். பிழை வரவில்லை. ஃபோல்டரில் `report 10` என்று ஒரு கோப்பு, அளவு 0 பைட். NTFS-இல் முக்காற்புள்ளிக்குப் பின் வருவது மறைந்திருக்கும் ஒரு துணைத் தரவோடையின் பெயர். எழுதியதெல்லாம் அந்த ஓடைக்குள் இருந்தது. `dir /r` போட்டால் தெரியும். முழுப் பெயரையே கொடுத்து அதே ஸ்கிரிப்டால் படித்து மீட்டேன். exFAT டிஸ்க்குக்கு நகர்த்தியிருந்தால் 0 பைட் மட்டும்தான் போயிருக்கும், அங்கே இந்த ஓடைகளுக்கு இடமில்லை.

இன்றைய நிலவரம் இது. விண்டோஸில் திறக்க வேண்டியவற்றை மேலே சொன்ன இரண்டு கட்டளைகளாலும் சோதித்து, பெயர் மாற்றிய பிறகே நேரடியாகக் காப்பி செய்கிறேன். வெறும் பேக்கப் என்றால் `tar` கட்டி ஒரே கோப்பாகப் போடுகிறேன். உள்ளே இருக்கும் பெயர்களை exFAT பார்க்கவே பார்க்காது. அதை விண்டோஸில் பிரித்தால் பழைய கதைதான், எனவே லினக்ஸில் மட்டுமே பிரிப்பது. நேரடிக் காப்பி முடிந்ததும் ஒரு முறை:

```
rsync -rnci படங்கள்/ /media/disk/படங்கள்/
```

எதையும் எழுதாது, உள்ளடக்கத்தை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். 200 ஜிபிக்கு இது மணிக்கணக்கில் ஓடுகிறது, எரிச்சலாகத்தான் இருக்கிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.